சூடான போனில் எதை விட்டுக்கொடுப்பது?
மொபைல் கேம்களில் ரெசல்யூஷனை ஓட்டத்திலேயே மாற்றும் முறைகள்: ஒரு மீளாய்வு

முதல் சில நிமிடங்கள் வழுக்கிக்கொண்டு ஓடும் கேம், கால் மணி நேரம் போனதும் விக்கி விக்கி நகரத் தொடங்குவது மொபைலில் விளையாடும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காட்சி அதேதான், நிரலும் அதேதான். மாறியிருப்பது போனின் சூடு. உள்ளே இருக்கும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிட்டது. ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து முடித்தால்தான் நொடிக்கு 60 ஃபிரேம் வரும். அந்த நேரத்துக்குள் வேலை முடியாதபோது எதை விட்டுக்கொடுப்பது? படத்தின் கூர்மையையா, ஓட்டத்தின் சீரையா? கூர்மையைக் கொஞ்சம் கொடுத்து ஓட்டத்தைக் காப்பாற்றலாம் என்பதே டைனமிக் ரெசல்யூஷன் என்னும் முறையின் அடிப்படை. முப்பரிமாணக் காட்சியைத் திரையின் முழு அளவில் வரையாமல் சற்றுச் சிறிய அளவில் வரைந்து, பிறகு திரைக்கு ஏற்பப் பெரிதாக்கிக் காட்டுவார்கள். எவ்வளவு சிறிதாக வரைவது என்பதை ஓட்டத்தின்போதே மாற்றிக்கொண்டிருப்பார்கள். முறை பழையது. ஆனால் அதை எந்த அளவீட்டைக் கொண்டு இயக்குவது என்ற கேள்விக்கு வந்த பதில்கள் பல. அவற்றுள் செல்வாக்கு மிக்க பதில், போன் அல்லாத ஒரு கருவிக்காக உருவானது. மொபைலில் காணும் குழப்பங்களில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதாகவே தோன்றுகிறது.

கன்சோலிலிருந்து வந்த பதில்

2008-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த ‘வைப்அவுட் எச்டி’ என்ற பந்தய கேம் இந்த முறையின் பெயர்பெற்ற தொடக்க உதாரணங்களில் ஒன்று. நொடிக்கு 60 ஃபிரேம் என்ற இலக்கைக் கைவிடாமல், திரையில் நெருக்கடி கூடும் கணங்களில் படத்தின் அகலவாக்குப் பிக்சல்களை மட்டும் அது குறைத்தது. 2011-இல் இன்டெல் நிறுவனம் இதே எண்ணத்தைக் கணினிகளுக்கு விளக்கிக் கட்டுரையும் மாதிரி நிரலும் வெளியிட்டது. அதற்குப் பின் வந்த கன்சோல் தலைமுறையில் இது வழக்கமான உத்தியாகிவிட்டது. இந்த மரபு முழுவதற்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: கடந்த சில ஃபிரேம்களை வரைய ஜிபியு எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளந்து பார்; நேரம் எல்லையை நெருங்கினால் ரெசல்யூஷனைக் குறை; இடம் மிச்சம் இருந்தால் கூட்டு.

கன்சோலில் இந்த விதி நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே விசிறி உண்டு, மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது, ஜிபியுவின் வேகம் அந்தக் காலக் கருவிகளில் ஏறத்தாழ மாறாமல் நிற்கும். மாறுவது காட்சியின் பளு மட்டும்தான். ஒரு வெடிப்பு முடிந்ததும் பளு இறங்கும், ரெசல்யூஷன் பழைய நிலைக்கு ஏறும். போனில் நிலைமை தலைகீழ். பளு ஒரே அளவாக இருந்தாலும், அதைச் சுமக்கும் ஜிபியுவின் வேகம் சூட்டைப் பொறுத்து ஏறி இறங்கும். ஃபிரேம் நேரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மருந்து மட்டும் வேறு.

போனின் வெப்பக் கணக்கு

போனில் பெரும்பாலும் விசிறி இல்லை. உள்ளே பிறக்கும் வெப்பம் கண்ணாடியையும் பின்மூடியையும் கடந்து காற்றில் கலந்தால்தான் போகும். கையில் பிடிக்கும் கருவி என்பதால் வெளிப்பரப்பின் சூடு நாற்பதுகளின் தொடக்க டிகிரிகளைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். துல்லியமான வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குக்காக 43 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெளியேறும் வெப்பம், பரப்பின் சூட்டுக்கும் சுற்றுக் காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. 25 டிகிரி அறையில் அந்த வித்தியாசம் 18. வேலூரிலோ திருச்சியிலோ மே மாதப் பிற்பகலில் விசிறி மட்டும் ஓடும் அறை 37 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் வெறும் 6. அதாவது, அதே போன் தொடர்ந்து தாங்கக்கூடிய மின்செலவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. குளிரூட்டிய அலுவலகத்தில் சோதித்து நிர்ணயித்த ரெசல்யூஷன் வெயில் நாட்டில் ஏன் செல்லாது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை.

சிப்பின் பக்கம் இன்னொரு விதி உண்டு. அது செலவிடும் மின்திறன், கிளாக் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் கூடும். வேகம் கூட வேண்டுமானால் மின்னழுத்தமும் கூட வேண்டும். ஆகவே உச்ச வேகத்தின் கடைசிப் பகுதி மிக விலை உயர்ந்தது. இதைத் திருப்பிப் பார்த்தால் நமக்கு நல்ல செய்தி: வேலையைச் சற்றே குறைத்து, ஜிபியுவை இன்னும் மெதுவான வேகத்தில் ஓடவிட்டால், மிச்சமாகும் மின்சாரம் குறைத்த வேலையின் அளவைவிட அதிகமாக இருக்கும்.

இதை ஒரு கணக்கோடு பார்க்கலாம். 2400 × 1080 திரையுள்ள ஒரு போன். 800 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு ஜிபியு 13 மில்லிநொடி எடுக்கிறது என்று கொள்வோம். சூடேறி வேகம் 500-க்கு இறங்கினால் அதே ஃபிரேம் 20.8 மில்லிநொடி ஆகும். 60 ஹெர்ட்ஸ் திரையில் அது அடுத்த புதுப்பிப்புக்குத் தள்ளிப்போகும். பாதிக்குப் பாதியாக ஓட்டம் விழும். இந்த 20.8-இல் முக்கால் பங்கு பிக்சல் எண்ணிக்கையைப் பொறுத்த வேலை, மீதி அதைச் சாராதது என்றால், ஃபிரேமை 15 மில்லிநொடிக்குள் கொண்டுவரப் பிக்சல்களை ஏறத்தாழ 63 விழுக்காடாகக் குறைக்க வேண்டும். அகலத்திலும் உயரத்திலும் அது 0.79 மடங்கு, சுமார் 1900 × 850. இதையே போன் சூடாகும் முன்பே செய்திருந்தால்? 800-இல் அந்தச் சிறிய ஃபிரேம் 9.4 மில்லிநொடியில் முடிந்திருக்கும். அவ்வளவு வேகம் தேவையில்லை என்று கண்டு, சிப் தானாகவே 500-க்கு இறங்கியிருக்கும். 500-இன் மின்னழுத்தம் 800-இல் இருந்ததில் ஐந்தில் நான்கு பங்கு என்று கொண்டால், ஒரு ஃபிரேமுக்கான ஜிபியுவின் மின்செலவு முழு ரெசல்யூஷனில் ஆனதில் பாதிக்கும் கீழே வந்துவிடும். நினைவகத்தை எதிர்நோக்கி நிற்கும் நேரம் கிளாக்கோடு இப்படி நேராக மாறாது என்பதால் இந்த எண்களைத் திசைகாட்டியாக மட்டுமே கொள்ள வேண்டும். ஆனாலும் அடிப்படை வேறுபாடு தெளிவு. தாமதமாகக் குறைத்தால் விழுந்த ஓட்டத்தை மீட்கிறோம். முன்கூட்டியே குறைத்தால் சூடு ஏறுவதையே தள்ளிப்போடுகிறோம், சில வேளை தவிர்த்தும் விடுகிறோம்.

ரெசல்யூஷன் குறைவது நினைவகப் போக்குவரத்தையும் குறைக்கும். வெளி நினைவகத்தோடு நொடிக்கு ஒரு ஜிகாபைட் பரிமாறினால் 80 முதல் 100 மில்லிவாட் செலவாகும் என்பது ஆர்ம் நிறுவனம் தரும் கைக்கணக்கு. மேற்சொன்ன திரையின் ஒரு முழுப் படத்தை ஒரு முறை எழுதுவதோ படிப்பதோ 60 ஃபிரேமில் நொடிக்கு 0.6 ஜிகாபைட். ஒளிவீச்சு, மங்கல், நிறத்திருத்தம் என்று நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றும் படித்து எழுதினால் நொடிக்கு 5 ஜிகாபைட், அதாவது அரை வாட்டுக்கு நெருக்கம். வெயில் நாளில் அரை வாட் சிறிய தொகை அல்ல.

ஃபிரேம் நேரம் ஏன் ஏமாற்றுகிறது

ஃபிரேம் நேரத்தைக் கொண்டு ரெசல்யூஷனை இயக்குபவர்களின் வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. விளையாடுபவர் உணர்வது ஓட்டத்தைத்தான். அதையே அளந்து அதையே திருத்துவது நேர்மையான வழி. எல்லாக் கருவிகளிலும் கிடைக்கும் அளவு என்பதும் அதன் பலம். ஆனால் போனில் அந்த அளவு இரண்டு இடங்களில் பொய் சொல்கிறது.

முதலாவது, திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைந்து ஓடும் கேமில், சிபியுவின் பக்கமிருந்து பார்த்தால் ஃபிரேம் இடைவெளி 16.7 அல்லது 33.3 என்றே தெரியும். ஜிபியு 9 மில்லிநொடியில் முடித்தாலும் 16-இல் முடித்தாலும் வித்தியாசம் தெரியாது. விளிம்பில் நிற்கிறோம் என்பது விழுந்த பிறகுதான் புலப்படும். ஜிபியுவின் சொந்தக் கடிகாரத்தைக் கேட்கலாம் என்றால், மொபைல் ஜிபியுக்கள் பெரும்பாலும் திரையைச் சிறு சதுரங்களாகப் பிரித்து வரைபவை. அடுத்த ஃபிரேமின் வடிவக் கணக்கும் இந்த ஃபிரேமின் பிக்சல் வேலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடும். ஒரு ஃபிரேமின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே அளந்த நேரத்தில் அடுத்ததன் வேலையும் கலந்திருக்கும்.

இரண்டாவது பொய் இன்னும் ஆழமானது. சிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் இயக்க நிரல், பளு குறைந்தால் வேகத்தைக் குறைக்கிறது. ரெசல்யூஷனைக் குறைத்த பிறகும் அளந்த நேரம் ஏறத்தாழ அதே 14 மில்லிநொடியில் நிற்கலாம். ஏனென்றால் ஜிபியு மெதுவாகிவிட்டது. இது வெற்றி. ஆனால் ஃபிரேம் நேரத்தை மட்டும் பார்க்கும் விதி இதைத் தோல்வி என்று படித்து இன்னும் குறைக்கும். மறுபக்கம், போன் குளிர்ந்திருக்கும் முதல் நிமிடங்களில் சிப் உச்ச வேகத்தில் ஓடி 9 மில்லிநொடி காட்டும். இடம் நிறைய இருக்கிறது என்று விதி ரெசல்யூஷனை உச்சத்துக்கு ஏற்றும். அதனாலேயே போன் விரைவில் சூடாகும். இரண்டு கட்டுப்பாடுகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே கடிவாளத்தை இழுக்கின்றன. திரையில் இதன் அடையாளம், சில நொடிகளுக்கு ஒரு முறை படம் மங்கித் தெளிந்து மங்குவது.

சூட்டையே கேட்பது

அடுத்த நிலைப்பாடு, இயங்குதளத்திடமே சூட்டைப் பற்றிக் கேட்கலாம் என்பது. ஐபோனில் ஐஓஎஸ் 11 முதல் `thermalState` நான்கு நிலைகளைச் சொல்கிறது. ஆண்ட்ராய்டு 10 ஏழு நிலைகள் கொண்ட பட்டியலைத் தந்தது. ஆண்ட்ராய்டு 11-இல் வந்த `getThermalHeadroom` ஒரு படி மேலே போனது: இன்னும் இத்தனை நொடிகளில் சூடு எங்கே இருக்கும் என்ற முன்கணிப்பை எண்ணாகச் சொல்லும். 1.0 என்றால் கடுமையான வேகக்குறைப்பு தொடங்கும் எல்லை. யூனிட்டி எஞ்சினும் 2019-இல் சாம்சங்கோடு சேர்ந்து இதே நோக்கில் தகவமைப்புத் தொகுப்பொன்றை வெளியிட்டது. கேமின் பக்கம் எழுத வேண்டியது மிகச் சிறிது:

```
float h = AThermal_getThermalHeadroom(mgr, 10);
if (!isnan(h)) {
  if (h > 0.90f)      cap = fmaxf(0.70f, cap - 0.05f);
  else if (h < 0.75f) cap = fminf(1.00f, cap + 0.05f);
}
```

இறங்கும் எல்லைக்கும் ஏறும் எல்லைக்கும் நடுவே 0.75 முதல் 0.90 வரை ஒன்றும் செய்யாமல் விட்டிருப்பது தற்செயல் அல்ல. அந்த இடைவெளி இல்லையென்றால் ரெசல்யூஷன் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் ஆடும். இதைப் பத்து நொடிக்கு ஒரு முறை கேட்டால் போதும். நொடிக்கு ஒரு முறைக்கு மேல் கேட்டால் எண்ணுக்குப் பதில் `NaN` வரக்கூடும். ஆதரவு இல்லாத போன்களிலும் அதுவே வரும்.

இந்த வழிக்கு எதிரான மறுப்புகளும் வலுவானவை. ஆண்ட்ராய்டின் அடிப்படைச் செயலாக்கத்தில் முன்கணிப்பு, அண்மைய அளவுகளின் போக்கை நேர்கோடாக நீட்டுவதுதான். வரப்போகும் பெரிய சண்டைக் காட்சி அதற்குத் தெரியாது. எல்லையை எங்கே வைப்பது என்பது போன் தயாரிப்பாளரின் கையில் இருக்கிறது. சில கருவிகளில் எண் 1.0-ஐத் தொடும் முன்பே வேகக்குறைப்பு தொடங்கிவிடலாம். சூடு நிமிடக் கணக்கில் நகர்வது. ஒரு வெடிப்பு இரண்டு நொடியில் முடிந்துவிடும். ஆகவே சூட்டை மட்டும் நம்பினால் கண நேர நெருக்கடிகளைத் தவறவிடுவோம். இந்த மறுப்புகளை ஏற்றுக்கொண்டாலும், அவை சூட்டு அளவை ஒதுக்கச் சொல்வதில்லை. இரண்டு அளவுகளுக்கும் வேறுவேறு வேலை கொடுக்கச் சொல்கின்றன. சூடு மெதுவாக நகர்ந்து மேல்வரம்பை நிர்ணயிக்கட்டும். மேலே உள்ள நிரலில் `cap` என்பது அதுதான். அந்த வரம்புக்குக் கீழே, ஃபிரேம் நேரம் தேவைப்பட்டால் விரைந்து இறக்கட்டும், ஏற்றுவதை மட்டும் நிதானமாகச் செய்யட்டும். ஃபிரேம் நேரம் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் வரம்பைத் தாண்டி ஏற அனுமதி கிடையாது. முன்சொன்ன இழுபறி இதில் பெருமளவு அடங்கும்.

மாற்று வழிகளின் வாதம்

இவ்வளவு சிக்கல் எதற்கு, தொடக்கத்திலேயே ரெசல்யூஷனை 0.75-இல் நிறுத்திவிடலாமே என்பார் உண்டு. எளிமையும், படம் ஒருபோதும் மாறாத உறுதியும் இதன் பலம். பல கேம்களுக்கு இதுவே போதும் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் 25 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் பொருந்தும் ஒற்றை எண் கிடையாது. குளிர்ந்த அறையில் விளையாடுபவர் காரணமின்றிக் கூர்மையை இழப்பார், வெயிலில் விளையாடுபவருக்கு அது போதாமலும் போகும்.

இன்னொரு தரப்பு, ஃபிரேம் எண்ணிக்கையை 30-க்குக் குறைப்பதே சரி என்கிறது. மின்சாரத்தை மட்டும் கணக்கிட்டால் இந்தத் தரப்பே வெல்லும். பிக்சல் வேலையோடு வடிவக் கணக்கு, சிபியுவின் வரைதல் கட்டளைகள் எல்லாம் பாதியாகின்றன. ரெசல்யூஷன் குறைப்பு தொடாத செலவுகள் இவை. முறைவைத்து ஆடும் வியூக கேமுக்கும் சீட்டாட்டத்துக்கும் 30 தாராளம். குறிபார்த்துச் சுடும் கேமில் விரலசைவுக்கும் திரையசைவுக்கும் நடுவே கூடும் தாமதம் விளையாட்டையே மாற்றிவிடுகிறது. ஆகவே இது ரெசல்யூஷன் குறைப்பின் எதிரி அல்ல, அதற்கு அடுத்த அரண். 0.70-க்கும் கீழே போக வேண்டியிருந்தால், மங்கிய 60-ஐவிடத் தெளிவான, சம இடைவெளியுள்ள 30 மேல். 60 ஹெர்ட்ஸ் திரையில் 45 என்று இடையில் நிறுத்துவது மட்டும் கூடாது. சில ஃபிரேம்கள் ஒரு புதுப்பிப்பு நேரமும் சில இரண்டும் நிற்பதால், சராசரி எண் நன்றாக இருந்தும் கண்ணுக்கு விக்கல் தெரியும்.

மூன்றாவது யோசனை, இதைக் கேமிடம் விடாமல் இயங்குதளமே செய்யட்டும் என்பது. ஆண்ட்ராய்டின் கேம் பயன்முறையில், கேமின் நிரலைத் தொடாமலே அதன் படத்தைச் சிறிதாக வரையவைக்கும் வசதி உண்டு. கைவிடப்பட்ட பழைய கேம்களுக்கு இது உதவும். ஆனால் அது எழுத்துகளையும் பொத்தான்களையும் சேர்த்தே மங்கச் செய்கிறது. கேமே செய்தால் காட்சியை மட்டும் குறைத்து, எழுத்துகளைத் திரையின் முழு அளவில் வைத்துக்கொள்ளலாம். இதில் நம்பிக்கை சார்ந்த பிரச்சினையும் இருக்கிறது. 2022-இல் சாம்சங்கின் கேம் ஆப்டிமைசிங் சர்வீஸ் பயனர்களின் விருப்பம் கேட்காமல் வேகத்தைக் கட்டுப்படுத்துவதாக எழுந்த சர்ச்சையில், கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து கேலக்ஸி எஸ்22 உள்ளிட்ட பல தலைமுறைப் போன்களை நீக்கியது. நிறுவனம் பின்னர் அதை அணைக்கும் வாய்ப்பைத் தந்தது. குறைப்பதை மக்கள் எதிர்த்தார்கள் என்பதைவிட, சொல்லாமல் குறைத்ததை எதிர்த்தார்கள் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

சிறிய படத்தைக் கூர்மையாகப் பெரிதாக்கும் உத்திகள் இந்த விவாதத்தின் எடையை மாற்றிவருகின்றன. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2021-இலும், ஆப்பிளின் மெட்டல்எஃப்எக்ஸ் 2022-இலும், குவால்காமின் ஜிஎஸ்ஆர் 2023-இலும் வந்தன. ஒற்றைப் படத்தை மட்டும் வைத்துப் பெரிதாக்கும் வகை செலவில் சிக்கனமானது. முந்தைய படங்களையும் சேர்த்துக்கொள்ளும் வகை அழகானது, ஆனால் அதுவே கணிசமான வேலை. பெரிதாக்கும் செலவு மிச்சப்பட்டதைத் தின்றுவிடுகிறதா என்று ஒவ்வொரு கேமிலும் அளந்தே ஆக வேண்டும்.

நடைமுறையில் தவறுவது எங்கே

மிகப் பொதுவான தவறு, நோயைக் கண்டறியாமல் மருந்து கொடுப்பது. சூட்டைப் பெருக்குவது சிபியுவாக இருந்தால் ரெசல்யூஷன் குறைப்பு படத்தைக் கெடுக்கும். ஓட்டத்தை அநேகமாகத் தொடாது. சோதனை எளிது: ரெசல்யூஷனை 0.5 என்று கட்டாயமாக வைத்து ஓட்டிப் பாருங்கள். சூடான போனிலும் ஃபிரேம் நேரம் அசையவில்லை என்றால் இடறு வேறெங்கோ இருக்கிறது. ஆனாலும் சிபியுவும் ஜிபியுவும் ஒரே வெப்ப வரம்பைப் பங்கிடுகின்றன. ஜிபியு சிக்கனமானால் சிபியுவுக்குச் சற்று இடம் கிடைக்கலாம். அந்தப் பலன் நிமிடங்கள் கழித்தே தெரியும்.

செயலாக்கத்தில் இன்னொரு இடறு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் திரைக்கான படச்சங்கிலியைப் புதிதாக உருவாக்கினால், மாற்றமே ஒரு விக்கலைத் தரும். முழு அளவில் ஒரு முறை இடம் ஒதுக்கி, அதன் ஒரு மூலையில் மட்டும் வரைவதே வழக்கம். அப்போது வல்கனில் `renderArea`-வையும் அந்த மூலைக்குச் சுருக்க வேண்டும். மறந்தால் பயன்படாத சதுரங்களும் நினைவகத்துக்குப் போய்வரும். படம் சரியாகவே தெரியும், மின்சாரம் மட்டும் நினைத்த அளவு குறையாது. கண்ணால் பிடிபடாத பிழை என்பதால் நினைவகப் போக்குவரத்தை அளந்தே இதைக் கண்டுபிடிக்க முடியும்.

நிலைகளைப் பரிசோதிக்க `adb shell cmd thermalservice override-status 3` என்ற கட்டளை போலியான கடும் சூட்டு நிலையை அறிவிக்கும். கேம் அந்த அறிவிப்புக்குச் சரியாக நடந்துகொள்கிறதா என்பதை இது காட்டும். சிப் உண்மையில் மெதுவாவதில்லை என்பதால், ஓட்டம் தாங்குமா என்பதைக் காட்டாது. அதற்கு அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னும் தீராதவை

எவ்வளவு குறைத்தால் கண்ணுக்குத் தெரியும் என்பதற்குப் பொது விடை இல்லை. ஆறரை அங்குலத் திரையில் வேகமாக நகரும் பந்தயத்தில் 0.75 கவனத்துக்கு வராமல் போகலாம். தொலைவில் சிறு புள்ளியாய்த் தெரியும் எதிரியைத் தேடும் கேமில் அதே அளவு ஆட்டத்தின் நியாயத்தையே பாதிக்கலாம். சூடான போன் வைத்திருப்பவருக்கு எதிரி மங்கலாகத் தெரிவது போட்டி விளையாட்டில் ஏற்கத்தக்கதா என்பது தொழில்நுட்பத்தால் மட்டும் தீரும் கேள்வி அல்ல. வெவ்வேறு தயாரிப்பாளர்களின் வெப்ப எண்களை ஒரே தரத்தில் நம்ப முடியுமா என்பதும் தீரவில்லை. மேலே தந்த 0.75, 0.90 போன்ற எல்லைகள் தொடக்கப் புள்ளிகள்தான். கருவிவாரியாகத் திருத்த வேண்டியிருக்கும்.

இவை திறந்திருந்தாலும், இன்றுள்ள சான்றுகள் ஒரு பக்கம் சாய்கின்றன. போனில் டைனமிக் ரெசல்யூஷன் முதன்மையாக வெப்பத்தைச் சிக்கனம் செய்யும் கருவி. ஃபிரேம் நேரத்தைச் சரிக்கட்டுவது அதன் இரண்டாம் வேலை. வெப்ப அளவை மேல்வரம்பாகவும் ஃபிரேம் நேரத்தை அதற்குக் கீழான காவலாகவும் வைத்து, குறைப்பதைச் சூடேறும் முன்பே தொடங்கி, 0.70-க்குக் கீழே 30 ஃபிரேமுக்கு மாறும் அமைப்பே இப்போதைக்குத் தற்காக்கத்தக்கது. பிக்சல் வேலை மிகுந்த கேம்களுக்கு மட்டுமே இத்தீர்ப்பு பொருந்தும். கேம் உருவாக்குவோர் எந்த எண்ணை முடிவு செய்வதானாலும், குளிரூட்டி அணைத்த அறையில் அரை மணி நேரம் ஓடிய போனில் அளந்து முடிவு செய்ய வேண்டும்.